‘எப்பவாச்சும்’ என்றால் எத்தனை மில்லி?

“தண்ணி அடிக்கிற பழக்கம் உண்டா?”

“எப்பவாச்சும் சார். கல்யாணம், காதுகுத்துன்னா…”

மருத்துவர் ‘எப்போதாவது’ என்று சீட்டில் எழுதிக்கொள்கிறார். பக்கத்து நாற்காலியில் இருக்கும் மனைவி கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடுகிறார். அந்த அறையில் உண்மை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் கேள்வி அவரிடம் கேட்கப்படவில்லை. கேட்டிருந்தாலும் கணவரை வைத்துக்கொண்டு சொல்லியிருக்க மாட்டார். வீட்டுக்குப் போக வேண்டுமே.

சொல்ல முடியாததை எழுதிக் கொடுக்கலாம். செக்-அப்புக்கு முன்பே மருத்துவர் கைக்குப் போய்ச் சேரும் ஒரு பக்கக் கடிதம், சில சமயம் ரத்தப் பரிசோதனையைவிட அதிகம் பேசும். அதில் எதை எழுதுவது, எதை விடுவது என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கற்பனை வீடுதான். ஆனால் இங்கே நடப்பது எதுவும் மருத்துவர்களுக்குப் புதிதல்ல. கணவருக்கு 51 வயது, லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அடிவயிற்றில் குடலிறக்கம். மூட்டை தூக்கினால் புடைக்கிறது, படுத்தால் உள்ளே போய்விடுகிறது. அடுத்த திங்கட்கிழமை ஆபரேஷன். அதற்கு உடம்பு தாங்குமா என்று பார்க்க புதன்கிழமை செக்-அப். செவ்வாய் இரவு மனைவி பிள்ளையின் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதுகிறார்:

“டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நாளைக்கு என் வீட்டுக்காரர் செக்-அப்புக்கு வருகிறார். குடிப்பது எப்போதாவதுதான் என்று சொல்வார். தினமும் சாயங்காலம் ஒரு குவார்ட்டர் பிராந்தி, ஞாயிற்றுக்கிழமை இரண்டு. எட்டு வருசமாக இப்படித்தான். ஒரு வருசமாகக் காலையிலும் கட்டிங் போடுகிறார். அது இல்லாமல் கை நடுங்குகிறது, ஷேவ் பண்ண முடியவில்லை. போன கார்த்திகையில் மாலை போட்டபோது குடியை அன்றைக்கே நிறுத்தினார். இரண்டாம் நாள் வேர்த்துக் கொட்டியது, தூக்கமில்லை. மூன்றாம் நாள் ராத்திரி சுவரெல்லாம் எறும்பு என்று கையால் தட்டிக்கொண்டே இருந்தார், என்னை யார் என்று கேட்டார். காய்ச்சல் என்று நினைத்து டிரிப் போட்டோம். அப்புறம் சரியாகி மலைக்குப் போய்வந்தார். சுகர் மாத்திரை சாப்பிடுகிறார், குடித்த அன்று ராத்திரி சோறு சாப்பிட மாட்டார். குடியை நிறுத்த ஒரு பவுடர் வாங்கி அவருக்குத் தெரியாமல் காபியில் கலந்தேன். போன வாரம்தான் நிறுத்தினேன். நான் எழுதினேன் என்று அவரிடம் சொல்ல வேண்டாம்.”

கடிதத்தில் எங்கும் ‘குடிகாரர்’ என்ற சொல் இல்லை. தேவையும் இல்லை. அந்தச் சொல்லுக்கு அளவு கிடையாது, குவார்ட்டருக்கு உண்டு.

டாஸ்மாக் குவார்ட்டர் என்பது 180 மில்லி. பிராந்தி, விஸ்கி, ரம் எதுவானாலும் லேபிளில் பெரும்பாலும் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அப்படியானால் உள்ளே இருக்கும் சுத்தமான ஆல்கஹால் சுமார் 77 மில்லி, எடையில் 60 கிராம் சொச்சம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பத்து கிராம் ஆல்கஹால் என்பது ஒரு அளவு. ஒரு குவார்ட்டரில் அப்படி ஆறு அளவு. ‘ஒரு குவார்ட்டர்தான்’ என்று நம் ஊரில் சொல்லும்போது அந்த ‘தான்’ ஆறு பேக்கை மறைத்துவிடுகிறது. மில்லிக் கணக்கு மனைவிக்குத் தெரியாவிட்டாலும் குப்பைக்கூடையில் விழும் பாட்டில்களை அவர் எண்ணியிருப்பார். அது போதும்.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் மருத்துவரின் கண் அளவைத் தாண்டி அடுத்த வரியில் நிற்கும்: காலைக் கட்டிங். டாஸ்மாக் கடை திறப்பது பகல் 12 மணிக்கு. விடிந்ததும் குடிக்க வேண்டுமென்றால் முந்தின இரவே பாதிக் குவார்ட்டரை எடுத்து வைத்திருக்க வேண்டும். ஆசைக்குக் குடிப்பவர் அப்படி மிச்சம் வைப்பது அபூர்வம். இரவு முழுக்க ஆல்கஹால் இறங்கிக்கொண்டே வர, காலையில் நரம்பு மண்டலம் அதைக் கேட்டுக் கை நடுங்குகிறது. ஒரு கட்டிங் உள்ளே போனதும் நடுக்கம் நிற்கிறது. உடம்பு சாராயத்துக்குப் பழகிவிட்டது என்பதற்கு வீட்டிலிருந்தே காணக்கூடிய அடையாளம் இது.

அடுத்தது மாலை போட்ட கதை. பல வீடுகளில் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள்: “அவர் நினைத்தால் நிறுத்திவிடுவார் டாக்டர். மாலை போட்டால் நாற்பத்தெட்டு நாள் தொடமாட்டார்.” மருத்துவருக்கு வேண்டியது அந்த நாற்பத்தெட்டு நாள் கணக்கல்ல. முதல் நான்கு நாள் எப்படிப் போனது என்பதே.

ஆல்கஹால் மூளையை மந்தப்படுத்தும். வருடக்கணக்கில் தினமும் உள்ளே போனால், அந்த மந்தத்தை ஈடுகட்ட மூளை தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே வரும். திடீரென்று ஆல்கஹாலை எடுத்துவிட்டால் கூடிய வேகம் மட்டும் அப்படியே நிற்கும். கடைசிக் குடி முடிந்து ஆறு மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தொடங்கலாம். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத பூச்சி தெரியும், இருக்கும் இடம் தெரியாது, ரத்த அழுத்தம் ஏறும். இதற்கு டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று பெயர். கவனிக்காமல் விட்டால் உயிரையே எடுக்கும். சுவரில் ஊர்ந்த எறும்பு காய்ச்சலால் வந்ததல்ல, இதனால் வந்தது. ஒருமுறை வந்தவருக்கு மறுமுறையும் வர வாய்ப்பு அதிகம்.

இப்போது இந்தக் கடிதம் இல்லை என்று வைத்துக்கொண்டு நாட்காட்டியைப் பாருங்கள். ஞாயிறு மதியம் கடைசியாகக் குடித்துவிட்டு மாலையில் அட்மிட் ஆகிறார். திங்கள் காலை ஆபரேஷன், நல்லபடியாக முடிகிறது. அன்று மாலை கை நடுங்குகிறது, மயக்க மருந்தின் குளிர் என்கிறார்கள். செவ்வாய் இரவு கையில் இருக்கும் ஊசியைப் பிடுங்கி எறிகிறார், கட்டிலிலிருந்து இறங்கி ஓடப் பார்க்கிறார், தையலில் ரத்தம் கசிகிறது. சீட்டில் ‘எப்போதாவது’ என்று இருப்பதால் பணியில் இருக்கும் மருத்துவர் சோடியம் குறைந்ததா, கிருமித் தொற்றா, பக்கவாதமா என்று தேடத் தொடங்குகிறார். காரணம் தெரிந்தவர் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்காதா என்று கேட்கலாம். ஓரளவு காட்டும். ஜி.ஜி.டி. என்ற கல்லீரல் நொதி கூடியிருக்கலாம், சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கலாம். ஆனால் நிறையக் குடிக்கும் சிலருக்கு இவை சாதாரணமாகவே இருக்கும். குடிக்காதவருக்கும் கொழுப்புக் கல்லீரலாலோ வேறு மாத்திரைகளாலோ ஜி.ஜி.டி. கூடும். எந்த ரிப்போர்ட்டும் எறும்பைப் பற்றிச் சொல்லாது.

ரிப்போர்ட் நன்றாக வரட்டும் என்று நினைத்துச் சில வீடுகளில் செய்யும் காரியம் ஒன்று உண்டு. செக்-அப்புக்கு ஒரு வாரம் முன்னால் பாட்டிலைக் கொட்டிவிட்டு, “இந்த வாரம் மட்டும் தொடாதீங்க” என்று கட்டுக்காவல் போடுவது. காலையில் கை நடுங்கும் மனிதரிடம் இது ஆபத்து. மேலே சொன்ன வலிப்பும் புத்தித் தடுமாற்றமும் வீட்டிலேயே வந்து நிற்கும். தினமும் குடிப்பவர் நிறுத்துவது மருத்துவர் சொல்லி, மருந்தோடு நடக்க வேண்டும்.

எழுதக் கூசினாலும் அந்த மனைவி எழுதிவிட்ட விஷயம் பவுடர். ‘அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்’ என்று விற்பவற்றில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. டைசல்ஃபிராம் இருந்தால், அதன் மேல் குடிக்கும்போது முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரியும். இதய நோய் இருந்தால் அங்கேயே முடிந்துவிடலாம். அந்த மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் வரை அதன் பிடி இருக்கும். அதனால்தான் நோயாளிக்குச் சொல்லாமல் அதைக் கொடுக்கக் கூடாது என்பது மருத்துவ விதி. மயக்க மருந்து கொடுப்பவருக்கு ‘போன வாரம்தான் நிறுத்தினேன்’ என்ற சொற்கள் அவசியமான தகவல். சுகர் மாத்திரை வரியும் அப்படித்தான். மாத்திரையோடு குடித்துவிட்டு வெறும் வயிற்றில் படுத்தால் சில மாத்திரைகளால் நடு இரவில் சர்க்கரை அடியோடு இறங்கும். மப்பில் கிடக்கிறார் என்று வீட்டார் விட்டுவிடுவார்கள்.

சண்டை, கடன், மாமியார் பேச்சு போன்றவை இந்தத் தாளில் வேண்டாம். குடித்துவிட்டு விழுந்து தலையில் அடிபட்டது, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது, ரத்த வாந்தி ஆகியவை கட்டாயம் வேண்டும். அடிக்கிறார் என்றால் அதைத் தாளில் எழுதாமல் தனியாக நேரில் சொல்வதே பாதுகாப்பு. ஏனென்றால் தாள் கேஸ் ஷீட்டோடு சேரலாம், தன் கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. முன்கூட்டியே நர்ஸிடம் கொடுக்கும்போது “ஃபைலில் வைக்க வேண்டாம்” என்று கேட்டுக்கொள்ளலாம். ஆனாலும் அவர் கண்ணில் படவே படாது என்று எண்ண வேண்டாம். இன்னொன்று: மனைவி சொல்வதை மருத்துவர் கேட்டுக்கொள்ளலாம். கணவர் சொன்னதை அவர் சம்மதமில்லாமல் மனைவியிடம் திருப்பிச் சொல்ல முடியாது.

கடிதம் கிடைத்த மருத்துவர் அதை நீட்டிக் காட்டி விசாரிக்க மாட்டார். மனைவியை வெளியே அனுப்பிவிட்டு, “குடிக்கிறீங்களா?” என்பதற்குப் பதிலாக, “ஒரு குவார்ட்டர் எத்தனை நாளைக்கு வரும்? காலையில கை நடுங்குதா?” என்று கேட்பார். கேள்வி சாதாரணமாக வந்தால் பதிலும் பெரும்பாலும் சாதாரணமாக வரும்.

நம் கதையில் ஆபரேஷன் தள்ளிப்போனது. படுத்தால் உள்ளே போகும் குடலிறக்கம் சில வாரம் காத்திருக்கும். டென்மார்க்கில் 1999-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வு, தினமும் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பவர்களை, அதாவது நம் குவார்ட்டர்க்காரர்களை எடுத்துக்கொண்டது. குடல் அறுவைக்கு ஒரு மாதம் முன்பே குடியை நிறுத்தியவர்களுக்கு, நிறுத்தாதவர்களைவிடப் பாதிக்கும் குறைவாகவே பிந்தைய சிக்கல்கள் வந்தன. நம் டிரைவரை முதலில் வார்டில் சேர்த்தார்கள். தயமின் என்னும் பி1 வைட்டமின் ஊசி போட்டார்கள். நடுக்கத்தை அடக்கும் மாத்திரையை நாளுக்கு நாள் குறைத்து ஒரு வாரத்தில் முடித்தார்கள். எறும்பு வரவில்லை.

ஆனால் புடைப்பு உள்ளே போகாமல் சிக்கி, வலியும் வாந்தியுமாக நள்ளிரவில் ஓடும்போது நான்கு வாரம் காத்திருக்க முடியாது. கடிதம் எழுதவும் நேரமிருக்காது. அப்போது கேஷுவாலிட்டி மருத்துவரைத் தனியே அழைத்து மூன்றே விஷயம் சொல்லுங்கள்: தினமும் எவ்வளவு, கடைசியாக எத்தனை மணிக்கு, முன்பு நிறுத்தியபோது என்ன ஆனது.