மோருக்குக் கசக்கு, தாளிப்புக்கு உருவு

என் அத்தை நீர்மோர் கலக்கும்போது கறிவேப்பிலையை முழுசாகப் போட்டு நான் பார்த்ததில்லை. கல்லுப்பும் இஞ்சியும் பச்சை மிளகாயும் வைத்த உள்ளங்கையிலேயே இரண்டு ஈர்க்கு இலையையும் சேர்த்து, கசக்கிப் பிசைந்துதான் மோரில் விடுவார். அதே கை ரசம் தாளிக்கும்போது இலையை உருவி அப்படியே எண்ணெயில் போடும். ஏன் அத்தை இரண்டுக்கும் இரண்டு விதம் என்று கேட்டால், "மோர்ல கசக்கினாத்தான்டா ஏறும்" என்பார். அதற்கு மேல் விளக்கம் வராது. விளக்கம் இலைக்குள் இருக்கிறது. அதைப் பார்க்க ஒரு ஜன்னல் வெளிச்சம் போதும்.

முற்றாத ஒரு கறிவேப்பிலையை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இலை முழுக்க ஊசி முனையால் குத்தியது போலச் சின்னச் சின்னப் புள்ளிகள் வெளிச்சத்தில் தெரியும். எலுமிச்சை இலையிலும் நாரத்தை இலையிலும் இதே புள்ளிகள் உண்டு. மூன்றும் ஒரே குடும்பத்துச் செடிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு எண்ணெய்ப்பை. இலையின் சதைக்குள் ஒரு குழி, அதைச் சுற்றி எண்ணெய் சுரக்கும் செல்கள், குழிக்குள் வாசனை எண்ணெய். பைக்கு வெளியே திறக்கும் வாசல் இல்லை. அதனால்தான் கொத்தாக வாங்கி வந்த கறிவேப்பிலை பையில் கிடக்கும்போது லேசாகத்தான் மணக்கிறது. எண்ணெய் இல்லாமல் இல்லை, பூட்டி வைத்திருக்கிறது.

செடி இதைச் சமையலுக்காகச் சேர்த்து வைக்கவில்லை. கடிக்க வரும் பூச்சிக்கு முதல் கடியிலேயே வாய் எரிய வேண்டும் என்பதற்காக வைத்திருக்கிறது. அப்படியும் ஒரு கூட்டம் அசரவில்லை. எலுமிச்சைச் செடியைத் தின்னும் பட்டாம்பூச்சிப் புழுக்கள் கறிவேப்பிலையையும் ஒரே இரவில் மொட்டையடிக்கும். அந்தப் புழுவைக் குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஒரு கொம்பை நீட்டிக் காரமான நெடி விடும். மாடித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது பழக்கமான சண்டை.

புதினாவின் கதை வேறு. அதன் எண்ணெய் இலைக்குள் இல்லை, மேல்தோலில் இருக்கிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி கிடைத்தால் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மயிர்களுக்கு நடுவே பளபளவென்று உருண்டைகள் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கீழே சில சுரப்புச் செல்கள், அவற்றின் தலைக்கு மேல் மெல்லிய சவ்வு, இரண்டுக்கும் நடுவே எண்ணெய். திருநீற்றுப்பச்சிலையிலும் இதே அமைப்புதான். சப்ஜா விதை தருகிற செடி அது. கடைகளில் பேசில் என்று பாக்கெட்டில் வருவதும் அதே இனத்தின் வேறு வகை. துளசிக்கும் இதுதான். எல்லாமே ஒரு குடும்பம்.

சவ்வு அவ்வளவு மெல்லிசு என்பதால் இவற்றைக் கசக்கக்கூட வேண்டாம். புதினா இலையை விரலால் ஒரு தடவை தடவி, இலையை விட்டுவிட்டு விரலை முகர்ந்து பாருங்கள். மணம் விரலில் இருக்கும். கறிவேப்பிலையை அதே போலத் தடவினால் விரலில் பெரிதாக ஒன்றும் ஏறாது. அதைக் கிள்ள வேண்டும், கசக்க வேண்டும், இல்லை சூடு காட்ட வேண்டும். மூன்று இலையையும் எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு இந்த ஒரு வித்தியாசம்தான் அடிப்படை.

பை உடைந்ததும் நடப்பது எளிது. மூக்குக்கு எண்ணெய் எட்டாது, அதிலிருந்து கிளம்பும் ஆவிதான் எட்டும். சொட்டாக இருந்த எண்ணெய் இலை முழுக்கப் பூசப்பட்டு, உள்ளங்கைச் சூடும் சேர்ந்தால் ஆவி வேகமாகக் கிளம்புகிறது. கசக்கிய இலை சட்டென்று மணப்பதும், கொஞ்ச நேரத்தில் மணம் ஓய்ந்துவிடுவதும் இதனால்தான். இருப்பு ஒன்றுதான். பூட்டி வைத்திருந்ததை ஒரே நேரத்தில் செலவழித்துவிடுகிறோம்.

ஆனால் கசக்கும்போது வரும் வாசனை முழுவதும் பழைய இருப்பு அல்ல. அதில் ஒரு பங்கு அந்த நொடியில் புதிதாக உண்டாவது. புல் வெட்டும்போது வரும் பச்சை வாடை நினைவிருக்கிறதா? செல் கிழிந்ததும் இலையின் கொழுப்பும் நொதிகளும் ஒன்றோடொன்று கலந்து, சில நொடிகளில் ஹெக்ஸனால் வகைப் பொருள்களை உண்டாக்குகின்றன. அந்த வாடைதான் அது. கொஞ்சம் இருந்தால் இலை புதிதாக மணக்கும். மிக்ஸியில் நீள ஓடவிட்டால் புதினாச் சட்னி புதினாவை விட்டுவிட்டுப் புல்லாக மணக்கும். போதாததற்கு இலை கருக்கவும் தொடங்கும். அது வேறொரு நொதியின் வேலை. ஆகவே குளிர்ந்த தண்ணீரைத் தெளித்து, மிக்ஸியை விட்டுவிட்டுச் சுற்றுவது நல்லது. ஜாடி சூடாகவே கூடாது. வதக்கி அரைப்பவர்கள் இலை துவண்டதும் இறக்கிவிட வேண்டும். சூட்டில் நொதி அடங்கிவிடும், பச்சை வாடை குறையும், மணத்திலும் ஒரு பங்கு போகும். இரண்டில் எது வேண்டும் என்பது அவரவர் நாக்கு. எனக்குப் பச்சையாக அரைத்ததுதான் பிடிக்கும்.

இப்போது அத்தையின் கைக்கு வருவோம். கறிவேப்பிலையின் வாசனைப் பொருள்கள் எண்ணெயில் நன்றாகக் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. அவற்றில் கந்தகம் கலந்த ஒன்று இந்த இலைக்கே உரிய மணத்துக்கு முக்கியக் காரணம் என்று 2015இல் ஜெர்மன் ஆய்வாளர் மார்ட்டின் ஸ்டைன்ஹாஸ் கண்டறிந்தார். தாளிக்கும்போது இலை சூடான எண்ணெயில் விழுந்ததும் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகி வெடிக்கிறது. படபடவென்று தெறிப்பது அந்தத் தண்ணீர்தான். அந்த வெடிப்பில் இலைக்குள் இருக்கும் பைகளும் உடைகின்றன. வெளிவரும் வாசனையைச் சுற்றியிருக்கும் எண்ணெய் அங்கேயே வாங்கிக்கொள்கிறது. கசக்கும் வேலையைச் சூடு செய்துவிடுவதால் கை கசக்க வேண்டியதில்லை. முன்னாலேயே கசக்கினால் பாதி மணம் கையிலும் காற்றிலும் போன பிறகுதான் இலை எண்ணெய்க்கு வரும்.

எப்போது நிறுத்துவது என்பதைக் காதே சொல்லும். சத்தம் அடங்கிவிட்டால் இலையில் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று பொருள். அந்த நொடியில் தாளிப்பைச் சாம்பாரில் கொட்டி மூடிவிட வேண்டும். அதற்கு மேல் அடுப்பில் வைத்தால் எண்ணெயில் ஏறியதும் ஆவியாகக் கிளம்பிவிடும், இலை பழுப்பேறிக் கருகல் வாடை வரும். தெருமுனை வரை தாளிப்பு மணக்கிறது என்று பெருமைப்படுகிறோம். தெருவுக்குப் போனது குழம்பில் இல்லை என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

மோரில் சூடும் இல்லை, சுட்ட எண்ணெயும் இல்லை. முழு இலையைப் போட்டால் பை பூட்டியபடியே மிதக்கும், குடிப்பவர் அதை எடுத்து ஓரமாக வைப்பார். அதனால் கை கசக்க வேண்டியிருக்கிறது. கல்லுப்பைச் சேர்ப்பதும் வெறும் ருசிக்கு மட்டுமல்ல, அதன் முனைகள் இலையைக் கிழிக்கும். தயிரில் இருக்கும் கொஞ்சம் வெண்ணெய்ச் சத்து வாசனையைப் பிடித்து வைக்கும். ஆடை நீக்கிய தயிரில் கலக்கிய மோர் சீக்கிரம் மணம் இழப்பது இதனால்தான். கசக்கியதும் கலந்து மூடிவிட வேண்டும், விருந்தாளி வரும் வரை கிண்ணத்தில் கசக்கி வைக்கக் கூடாது.

புதினாத் தேநீருக்கு இவ்வளவு பாடு இல்லை. எண்ணெய் மேல்தோலிலேயே இருப்பதால், நாலைந்து இலையை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து ஒரு தட்டுத் தட்டிக் கோப்பையில் போட்டு, மேலே ஒரு தட்டை வைத்து மூடினால் போதும். மூடாமல் விட்டால் அந்த ஆவிதான் முதலில் போகும்.

சேமிப்பதிலும் இதே கணக்கு. சென்ற மாதம் காய்காரம்மா கொசுறாக இல்லாமல் காசுக்கே ஒரு பெரிய கட்டுக் கறிவேப்பிலை தந்தார். நான்காகப் பிரித்து வைத்துப் பார்த்தேன். ஒரு பங்கைக் கழுவி, ஈரத்தோடு பாலிதீன் பையில் கட்டி ஃபிரிட்ஜில் வைத்தேன். ஒன்றைக் கழுவாமல், ஈர்க்கிலிருந்து உருவாமல், பருத்தித் துணியில் சுற்றி மூடிய டப்பாவில் வைத்தேன். ஒன்று ஃப்ரீசருக்குப் போனது. கடைசிப் பங்கு மொட்டை மாடி வெயிலுக்கு.

பத்தாம் நாள் திறந்தபோது ஈரப் பையில் இருந்தது கறுப்புத் திட்டுகளோடு கொழகொழத்து, பூஞ்சை வாடை அடித்தது. துணிச் சுற்றில் இருந்த இலை பச்சையாகவே இருந்தது, கிள்ளினால் மணத்தது. ஒன்றிரண்டு மட்டும் மஞ்சள். வெயிலில் காய்ந்தது நொறுங்கியது, ஆனால் வைக்கோல் வாசனை. இலை காயும்போது தண்ணீரோடு மணமும் கிளம்புகிறது, வெயில் அதை விரைவுபடுத்துகிறது. பொடிக்காகக் காயவைப்பவர்கள் நிழலில் காற்றாட விட்டு, கையில் நொறுங்கும் பதத்தில் நிறுத்தி, முழு இலையாகவே காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, வேண்டும்போது அரைப்பது மேல். முழு இலையில் உடையாத பைகள் சில மிஞ்சியிருக்கும், பொடியில் இருக்காது.

புதினாவை ஃபிரிட்ஜில் வைக்கலாம். அழுகிய இலைகளை எடுத்துவிட்டு, தண்டின் அடியை நறுக்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் பூங்கொத்து போல நிறுத்தி, மேலே ஒரு பையைத் தளர்வாகக் கவிழ்த்தால் ஒரு வாரம் நிற்கும். தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். திருநீற்றுப்பச்சிலைக்கு மட்டும் ஃபிரிட்ஜ் ஆகாது. பத்து டிகிரிக்குக் கீழே போனால் அதன் செல்கள் குளிரில் அடிபட்டு, ஒன்றிரண்டு நாளில் இலை கறுத்துவிடும். அதையும் டம்ளர் தண்ணீரில்தான் நிறுத்த வேண்டும், ஆனால் வெயில் படாத சமையலறை மேடையில். மிஞ்சினால் எண்ணெய் விட்டு அரைத்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைக்கலாம். எண்ணெய் மணத்தையும் பிடித்துக்கொள்ளும், காற்றையும் அண்ட விடாது.

நான்காவது பங்கு, அதாவது ஃப்ரீசரில் வைத்தது, எண்ணெயில் விழுந்தபோது துணிச் சுற்றில் இருந்ததற்குக் குறையாமல் மணத்தது. ஒரு கைப்பிடியை முதலில் வெளியே எடுத்து வைத்து இளக விட்டிருந்தேன், அது துவண்டு கருத்துவிட்டது. உள்ளே உறைந்த தண்ணீர் ஊசி ஊசியாகச் செல்களைக் கிழித்திருக்கும், இளகியதும் எல்லாம் கலந்து பாழாகும். அதனால் ஃப்ரீசரிலிருந்து எடுத்த இலையை இளக விடாமல் நேராக எண்ணெயில் போடுங்கள். வழக்கத்தைவிட அதிகமாகத் தெறிக்கும், மூடியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.