தட்டைக் கவிழ்த்ததும் மாறும் காலம்

ஸ்பானிஷ் மொழியின் தொடக்கப் பாடங்களை முடித்தவர்களுக்கு ஒரு வழுக்கல் காத்திருக்கிறது. அந்த மொழியில் கடந்த காலத்தைச் சொல்ல இரண்டு எளிய வினை வடிவங்கள் உண்டு. எங்கே எதைப் போடுவது என்பதை அட்டவணை பார்த்துப் பழகுவது கடினம். ஐரோப்பியக் கவுன்சில் 2001இல் வெளியிட்ட வகைப்பாட்டில் பி1 எனப்படும் இந்த இடைநிலை வாசகருக்கு, பாட்டி பேத்திக்குச் சமையல் சொல்லித்தரும் சிறுகதை நன்றாகக் கைகொடுக்கும்.

ஸ்பெயின் நாட்டு உருளைக்கிழங்கு ஆம்லெட்டையே எடுத்துக்கொள்வோம். பெயர் தோர்த்தியா. (மெக்சிகோவில் இதே பெயர் சோள ரொட்டியைக் குறிக்கும்.) அரைக் கிலோவுக்குச் சற்று அதிகமாக உருளைக்கிழங்கு, ஆறு முட்டை, நிறைய ஆலிவ் எண்ணெய், உப்பு. வெங்காயம் சேர்க்கலாமா கூடாதா என்று ஸ்பெயினில் ஓயாத வழக்கு உண்டு. கதையில் பாட்டிக்கும் பேத்திக்கும் ஒரு சின்ன சண்டை வேண்டுமென்றால் அதுவே போதும்.

கதை பழைய வழக்கத்தில் தொடங்கும். ஞாயிறுதோறும் பாட்டி கிழங்கைத் தோல் சீவுவார், மெல்லிய வில்லைகளாக நறுக்குவார், சிவக்கவிடாமல் மிதமான தீயில் எண்ணெயில் வேகவைப்பார். இங்கே வரும் வினை 'பெலாபா', அதாவது தோல் சீவுவார். முடிந்துபோன வழக்கத்தைத் தமிழில் நாம் எதிர்கால வடிவத்தில்தானே சொல்கிறோம்? 'அப்போதெல்லாம் தாத்தா கதை சொல்வார்' என்பதுபோல. ஆகவே இந்த வடிவம் தமிழருக்கு அவ்வளவு அந்நியமல்ல.

ஒரு ஞாயிறு பேத்தியே கரண்டியைப் பிடிக்கிறாள். அவள் ஒருமுறை தோல் சீவியது 'பெலோ'. வெந்த கிழங்கை எண்ணெய் வடித்து, அடித்த முட்டையில் கலந்து, வாணலியில் ஊற்றுகிறாள். ஓரம் இறுகி நடுப்பகுதி இன்னும் தளதளவென்று இருக்கும்போது தட்டால் மூடி ஒரே வீச்சில் கவிழ்க்க வேண்டும். தயங்கினால் பாதி தட்டிலும் பாதி அடுப்பிலும் விழும். அவள் தயங்கினாள், விழுந்தது. இரண்டும் 'பெலோ' வகை வினைகள். அந்த நேரத்தில் வானொலி பாடிக்கொண்டிருந்தது, பாட்டி சிரித்துக்கொண்டிருந்தார். இவை மறுபடி 'பெலாபா' வகை.

பாட்டியின் கட்டளைகள் இன்னொரு பாடம். வாணலியை 'அதை வை' என்றால் 'பொன்லா'. 'அதை வைக்காதே' என்றால் 'நோ லா பொங்காஸ்'. 'லா' என்னும் 'அதை' வினையின் வாலிலிருந்து தலைக்கு முன் வந்துவிடுகிறது, வினையும் உருமாறுகிறது. சூடான எண்ணெயருகே நிற்கும் குழந்தையிடம் 'வை', 'வைக்காதே' இரண்டையும் பாட்டி மாறிமாறிச் சொல்வது இயல்பு. அதனால் பயிற்சி என்று தெரியாமலே காதில் ஏறும்.

இப்படிப்பட்ட கதைகள் பல கெடுவது ஒரே காரணத்தால்தான்: சமையற்குறிப்பை எழுதிவிட்டுப் பாட்டியை ஓரத்தில் உட்காரவைத்துவிடுவார்கள். எதுவும் கவிழவில்லை என்றால் 'பெலோ' வகை வினைகளுக்கு வேலையே இருக்காது. கட்டளைகள் மட்டும் வரிசையாக நிற்கும்.