மிச்சம் குறைந்தது முன்னே போகட்டும்

ஜெராக்ஸ் கடையில் ஒருவர் முந்நூறு பக்கப் புத்தகம் ஒன்றை நகலெடுக்கக் கொடுத்திருக்கிறார். பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் ஆதார் அட்டையோடு வருகிறார். "சார், ஒரு நிமிஷம், இந்த அம்மாவோடது ஒரே பக்கம்தான்" என்று சொல்லிவிட்டு, கடைக்காரர் புத்தகத்தை நிறுத்தி ஆதார் அட்டையை மெஷினில் வைக்கிறார். அந்தப் பெண் வந்தபோது புத்தகம் கடைசிப் பக்கத்தில் இருந்திருந்தால், அதை முடித்துவிட்டுத்தான் அட்டையைத் தொட்டிருப்பார். மொத்தம் எத்தனை பக்கம் என்பதை அவர் பார்ப்பதில்லை. இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதைத்தான் பார்க்கிறார்.

கணினியின் சிபியுவுக்கும் இப்படி ஒரு முறை உண்டு. ஷார்ட்டஸ்ட் ரிமெயினிங் டைம் ஃபர்ஸ்ட் என்று பெயர். மாணவர்கள் சுருக்கி எஸ்.ஆர்.டி.எஃப். என்பார்கள். ஒரே சிபியுவுக்காகப் பல வேலைகள் நிற்கும்போது, மிச்சம் மிகக் குறைவாக உள்ள வேலைக்கு முதலிடம். குறைவான மிச்சத்தோடு புதிய வேலை ஒன்று வந்தால், ஓடிக்கொண்டிருப்பது எழுந்து இடம் விட வேண்டும். கணினியியல் தேர்வுகளில் இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டச் சொல்வார்கள். ஐந்து நிமிடக் கணக்குதான். ஆனால் ஓரிடத்தில் கவனம் பிசகினால், எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றியபடியே விடை தவறிவிடும்.

நான்கு வேலைகளை எடுத்துக்கொள்வோம். நேரம் மில்லி விநாடியில்.

| வேலை | வந்த நேரம் | தேவைப்படும் நேரம் |
|---|---|---|
| பி1 | 0 | 6 |
| பி2 | 1 | 4 |
| பி3 | 3 | 3 |
| பி4 | 7 | 1 |

முதலில் வரைய வேண்டியது கான்ட் சார்ட். ஹென்றி கான்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1910களில் தொழிற்சாலை வேலைகளைத் திட்டமிடப் பரப்பிய பட்டைப் படம்தான் இது. நமக்கு ஒரே ஒரு பட்டை போதும். இடமிருந்து வலமாக நேரம் ஓடும். எந்தக் கட்டத்தில் எந்த வேலை சிபியுவில் இருந்தது என்று உள்ளே எழுதி, கோடுகளுக்குக் கீழே நேரத்தைக் குறிக்க வேண்டும்.

படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சிறு பட்டியலும் வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு மிச்சம் என்று எழுதி, குறையக் குறைய அடித்துத் திருத்துவதற்கு. பலர் இதை மனக்கணக்காகப் போடப் பார்ப்பார்கள். பிசகு நேர்வது பெரும்பாலும் அங்கேதான்.

ஒவ்வொரு மில்லி விநாடிக்கும் யார் சிறியவர் என்று பார்க்கத் தேவையில்லை. புதிய வேலை வரும்போதும், ஒரு வேலை முடியும்போதும் பார்த்தால் போதும். இடைப்பட்ட நேரத்தில் ஓடுகிற வேலையின் மிச்சம்தான் குறைகிறது. காத்திருப்பவை அப்படியே இருக்கின்றன. ஏற்கெனவே சிறியதாக இருந்தது மேலும் சிறியதாகிறது, அவ்வளவுதான்.

நேரம் 0. பி1 மட்டும்தான் இருக்கிறது, அது ஓடுகிறது. நேரம் 1-இல் பி2 வருகிறது. பி1-க்கு இப்போது மிச்சம் 5, பி2-க்கு 4. பி1 நிறுத்தப்படுகிறது, பி2 ஏறுகிறது.

நேரம் 3-இல் பி3 வருகிறது. அதற்கு 3 தேவை. பி2 இரண்டு மில்லி விநாடி ஓடிவிட்டதால் அதன் மிச்சம் 2. ஆகவே பி2-ஐ யாரும் அசைக்க முடியாது. அது தொடர்ந்து ஓடி 5-இல் முடிகிறது. அப்போது காத்திருப்பவை பி1 (மிச்சம் 5), பி3 (மிச்சம் 3). பி3 ஏறுகிறது.

நேரம் 7-இல் பி4 வருகிறது. அதற்குத் தேவை 1. பி3-க்கும் மிச்சம் 1. சமம். புதிதாக வந்தது கண்டிப்பாகக் குறைவாக இருந்தால்தான் ஓடுவதை நிறுத்துவோம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். காரணமில்லாமல் ஒரு வேலையை இறக்கி இன்னொன்றை ஏற்றுவதற்கும் சிபியுவுக்குச் செலவு உண்டு. எனவே பி3 தொடர்ந்து 8-இல் முடிகிறது, பி4 அடுத்து ஏறி 9-இல் முடிகிறது, கடைசியில் பி1 திரும்ப வந்து 14-இல் முடிக்கிறது.

```
| பி1 | பி2 | பி3 | பி4 | பி1 |
0     1     5     8     9     14
```

படம் முடிந்ததும் செய்ய வேண்டிய முதல் சோதனை எளியது. தேவைப்படும் நேரங்களைக் கூட்டினால் 6+4+3+1, அதாவது 14. படமும் 14-இல் முடிகிறது. நடுவில் சிபியு சும்மா இருந்த நேரம் இருந்தால், அதற்கும் ஒரு கட்டம் போட்டு, அந்த நேரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இனி இரண்டு கழித்தல்கள்தான். வேலை வந்ததிலிருந்து முடிந்துபோகும் வரை ஆகும் மொத்த நேரம் டர்ன்அரவுண்ட் நேரம். முடிந்த நேரத்திலிருந்து வந்த நேரத்தைக் கழித்தால் அது கிடைக்கும். அதிலிருந்து வேலைக்குத் தேவைப்பட்ட நேரத்தைக் கழித்தால் மீதியெல்லாம் காத்திருப்பு.

| வேலை | முடிந்தது | டர்ன்அரவுண்ட் | காத்திருப்பு |
|---|---|---|---|
| பி1 | 14 | 14 | 8 |
| பி2 | 5 | 4 | 0 |
| பி3 | 8 | 5 | 2 |
| பி4 | 9 | 2 | 1 |

டர்ன்அரவுண்ட் மொத்தம் 25, சராசரி 6.25. காத்திருப்பு மொத்தம் 11, சராசரி 2.75. இரண்டு மொத்தங்களுக்கும் இடையே 14 வித்தியாசம் இருக்கிறதா என்று பாருங்கள். அது தேவைப்படும் நேரங்களின் மொத்தம். அப்படி வராவிட்டால் எங்கோ கழித்தல் தவறியிருக்கிறது.

பி1-இன் காத்திருப்பை 0 என்று எழுதும் மாணவர்கள் உண்டு. "முதலில் ஏறிய நேரம் 0, வந்த நேரம் 0" என்று கழித்துவிடுவார்கள். வேலை நடுவில் நிறுத்தப்படாத முறைகளில் அந்தக் கழித்தல் சரியாக வரும். இங்கே வராது. பி1 முதல் ஆளாக ஏறியது உண்மை, ஆனால் 1 முதல் 9 வரை வெளியே நின்றது. அந்த 8 படத்திலேயே தெரிகிறது.

இதைவிட ஆபத்தான தவறு நேரம் 3-இல் ஒளிந்திருக்கிறது. பி2-இன் மிச்சமான 2-ஐப் பார்க்காமல், அட்டவணையிலுள்ள 4-ஐப் பார்த்துவிட்டால் என்ன ஆகும்? "3 சிறியது" என்று பி3-ஐ ஏற்றிவிடுவோம். அது 6 வரை ஓடும். பிறகு பி2 ஏறும். 7-இல் பி4 வரும்போது மறுபடியும் 4-ஐப் பார்த்து பி2-ஐ இறக்குவோம். பி4 8-இலும், பி2 9-இலும், பி1 14-இலும் முடியும். படம் இப்போதும் 14-இல்தான் நிற்கிறது. வித்தியாசமும் 14 வருகிறது. இரண்டு சோதனைகளும் தேறிவிட்டன. ஆனால் காத்திருப்பு மொத்தம் 12, சராசரி 3. விடை தவறு. மிச்சப் பட்டியலை எழுதியே தீர வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். படம் தவறாக இருந்தால் பின்னால் வரும் எந்தக் கூட்டலும் அதைக் காட்டிக்கொடுக்காது.

25 என்ற எண்ணுக்கு வேறொரு வழியிலும் வரலாம். எனக்கு மிகவும் பிடித்த வழி அது. ஒவ்வொரு மில்லி விநாடியிலும் முடியாத வேலைகள் எத்தனை இருக்கின்றன என்று தலை எண்ணுங்கள். 0 முதல் 1 வரை ஒன்று. 1 முதல் 3 வரை இரண்டு. 3 முதல் 5 வரை மூன்று. 5 முதல் 7 வரை இரண்டு. 7 முதல் 8 வரை மூன்று. 8 முதல் 9 வரை இரண்டு. 9 முதல் 14 வரை ஒன்று. நேரத்தால் பெருக்கிக் கூட்டினால் 1+4+6+4+3+2+5, அதே 25. ஒவ்வொரு தலையும் இருக்கும் நேரமெல்லாம் அதன் டர்ன்அரவுண்டில் சேர்கிறது, அதனால்தான் இரண்டும் பொருந்துகின்றன.

இந்த எண்ணிக்கை இன்னொன்றையும் விளக்கிவிடுகிறது. சராசரியைக் குறைக்க வேண்டுமானால் உள்ளே இருக்கும் தலைகளைக் குறைக்க வேண்டும். அதற்கு, எது சீக்கிரம் வெளியேறுமோ அதை முதலில் அனுப்ப வேண்டும். நேரம் 7-இல் பி4-ஐ முதலில் அனுப்பியிருந்தாலும் 8-இல் ஒரு தலைதான் குறைந்திருக்கும். பி3-க்கும் பி4-க்கும் தனித்தனி எண்கள் மாறும், மொத்தம் 25 மாறாது. ஒற்றைச் சிபியுவில் எந்தக் கணத்திலும் தலைகளின் எண்ணிக்கையை இதைவிடக் குறைக்க எந்த முறையாலும் முடியாது என்பதை லைனஸ் ஷ்ரேஜ் 1968-இல் நிரூபித்தார். நம் நான்கு வேலைகளையே வந்த வரிசையில் முடித்தால் சராசரிக் காத்திருப்பு 4.5 ஆகும். சிறியதைத் தேர்ந்து, ஆனால் நடுவில் நிறுத்தாமல் ஓட்டினால் 3.5. நிறுத்தவும் அனுமதித்தால் 2.75.

சராசரி குறைந்ததற்கு விலை கொடுத்தது யார்? காத்திருப்பு மொத்தம் 11-இல் 8 பி1 தலையில் விழுந்திருக்கிறது. வந்த வரிசையில் ஓட்டியிருந்தால் அது காத்திருக்கவே வேண்டியதில்லை. சின்ன வேலைகள் இடைவிடாமல் வந்துகொண்டே இருந்தால் பி1 போன்ற ஒன்று முடிவில்லாமல் நிற்க நேரும்.

காகிதத்தில் நமக்குக் கிடைக்கும் வசதி ஒன்று கணினிக்கு வழக்கமாகக் கிடைப்பதில்லை. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் தேவை என்பது அட்டவணையில் எழுதி வருவதில்லை. முந்தைய அனுபவத்தை வைத்து ஊகிக்க வேண்டும். கடைசியாக ஓடிய நேரத்தில் பாதியையும், பழைய ஊகத்தில் பாதியையும் கூட்டுவது ஒரு வழி. 10 என்று ஊகித்தது 6-இல் முடிந்தால், அடுத்த ஊகம் 8. ஊகம் பிசகினால் வரிசையும் பிசகும்.

மிச்சம் உண்மையாகவே தெரிந்த இடங்களும் உண்டு. வலைத்தளச் சர்வர் ஒரு படத்தையோ கோப்பையோ அனுப்பும்போது அதன் அளவு முன்கூட்டியே தெரியும், இன்னும் எத்தனை பைட் அனுப்ப வேண்டும் என்பதும் தெரியும். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மோர் ஹார்கோல்-பால்டரும் அவருடைய குழுவினரும் லினக்ஸைத் திருத்தி, மிச்சம் குறைந்த கோப்பு முதலில் போகும்படி ஒரு சர்வரை அமைத்து, முடிவுகளை 2003-இல் வெளியிட்டார்கள். நெரிசல் மிகுந்த நேரத்தில் சராசரிக் காத்திருப்பு வெகுவாகக் குறைந்தது. பெரிய கோப்புகள் பட்டினி கிடக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. அவற்றுக்கு ஏற்பட்ட பாதிப்போ மிகச் சிறியதாகவே இருந்தது.