மூன்று அட்டை, ஒரே மருந்து… தெரியுமா?

ஒருவருக்கு ஜுரம். பாராசிட்டமால் 650 மில்லிகிராம் மாத்திரையை நாளுக்கு நான்கு வேளை போடுகிறார். உடம்புவலிக்கு இன்னொரு மாத்திரை, மூக்கடைப்புக்கு ஜலதோஷ மாத்திரை, இரண்டும் மூன்று வேளை. மூன்றும் வேறு வேறு மருந்து என்றுதானே நினைப்போம்? அட்டையைத் திருப்பிப் பாருங்கள்! வலி மாத்திரையில் அசிக்ளோஃபெனாக்கோடு 325 பாராசிட்டமால், ஜலதோஷ மாத்திரையில் 500! கூட்டினால் 2,600 + 975 + 1,500 = 5,075. பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்சவரம்பே 4,000 மில்லிகிராம்தான். மெலிந்தவர்களுக்கும் தினமும் குடிப்பவர்களுக்கும் இன்னும் குறைவு. அதனால்தான், "அண்ணே, வீட்டுல இருக்கிற அட்டை எல்லாத்தையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்கிறார் வார்டு நர்ஸ்.

கல்லீரல் சத்தமே போடாது, தெரியுமா? பாராசிட்டமாலில் ஒரு சிறு பங்கு கல்லீரலில் நஞ்சாக மாறுகிறது. அதை அங்கேயே இருக்கும் குளுட்டாதயோன் அடக்கிவிடும். அளவு மீறினால் குளுட்டாதயோன் தீர்ந்துபோய், நஞ்சு கல்லீரல் செல்களையே தாக்கும். ஆனால் முதல் நாள் வெறும் குமட்டல்தான், அதுகூட இல்லாமலும் போகலாம்! வலது விலாவுக்குக் கீழே வலி வர இரண்டாம் நாள் ஆகிவிடும்.

இதற்கு மாற்று மருந்து, சளியை இளக்கக் கொடுக்கும் அதே அசிட்டைல்சிஸ்டீன்! அழுகிய முட்டை நாற்றமடிக்கும் இது, தீர்ந்த குளுட்டாதயோனை மீண்டும் நிரப்புகிறது. அளவு மீறி விழுங்கிய எட்டு மணி நேரத்துக்குள் டிரிப்ஸில் ஏறினால் கல்லீரல் பெரும்பாலும் தப்பிவிடும்; தாமதமானாலும் பலன் உண்டு.

ரத்தத்தில் கல்லீரல் நொதி குறைந்தால் நல்லதுதானே? எப்போதும் இல்லை! கசிவதற்குச் செல்லே மிஞ்சாவிட்டாலும் அது குறையும். அதனால் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதையும் சேர்த்தே பார்க்கிறார்கள். ஊசி குத்திய இடத்தில் நிற்காத கசிவு, சர்க்கரை இறக்கம், கேட்டதையே திரும்பக் கேட்கும் குழப்பம் என எது தெரிந்தாலும் நர்ஸ் உடனே டாக்டரை அழைப்பார்.

கழுகைக் கொன்ற வலி மாத்திரை தெரியுமா? டைக்ளோஃபெனாக் போட்ட மாட்டின் சடலத்தைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக மடிந்தன! 2006இல் இந்தியா அதைக் கால்நடைக்குக் கொடுப்பதைத் தடை செய்தது. நமக்கும் ஆபத்து உண்டு. உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயைத் திறந்து வைப்பவை புரோஸ்டாகிளாண்டின்கள். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை அவற்றின் உற்பத்தியைத்தான் தடுக்கிறது! வாந்தியோடு, சில வகை பிரஷர் மாத்திரையும் நீர் பிரிய வைக்கும் மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் திணறும். கிரியாட்டினின் ஏறுவதற்கு முன்பே யூரின் பை காட்டிக்கொடுத்துவிடும்: 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை!

அளவு மீறியது தெரிந்தால் வலி வரும்வரை காத்திருக்காதீர்கள். அட்டைகளோடு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அந்த எட்டு மணி நேரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது!