இரண்டு மணி நேரம் சேவை இருக்காது

"சனிக்கிழமை இரவு 11 முதல் 1 மணி வரை சேவை இயங்காது, டேட்டாபேஸ் புதிய பதிப்புக்கு மாறுகிறது." இப்படி மின்னஞ்சல் வந்தால், வேலையே இரண்டு மணி நேரம் என்று எண்ண வேண்டாம்.

போஸ்ட்கிரெஸ் 13-ஐ 16-க்கு மாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பயனர்களை வெளியேற்றி, பேக்கப் எடுத்து, சர்வரை நிறுத்துவார்கள். பிறகு `pg_upgrade`. அதை `--link` சேர்த்து ஓட்டினால் கோப்புகளை நகலெடுக்காமல் பழையவற்றையே புதிய பதிப்பும் பயன்படுத்தும். பெரிய டேட்டாபேஸ்கூடச் சில நிமிடங்களில் மாறிவிடும். ஆனால் புதிய சர்வரை ஒருமுறை இயக்கிவிட்டால் பழையதைத் தொட முடியாது. ஏதாவது கோளாறு என்றால் பேக்கப்தான் கதி. அதை மீட்டெடுக்க ஆகும் நேரத்தையும் சேர்த்துத்தான் இரண்டு மணி கேட்கிறார்கள். கேட்பதும் நியாயம்தான்.

இந்த மாற்றத்தில் அட்டவணைகளின் புள்ளிவிவரங்கள் புதிய பதிப்புக்கு வந்து சேராது. அவற்றைத் திரட்ட இதை ஓட்ட வேண்டும்:

```
vacuumdb --all --analyze-in-stages
```

இதை மறந்து சேவையைத் திறந்தால், நொடியில் முடிந்த தேடல் நிமிடக்கணக்கில் இழுக்கும். மறுநாள் காலை எல்லாமே மந்தமாக இருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே: பாதி நிரப்பிய படிவத்தை 11 மணிக்கு முன்பே சேமித்துவிடுங்கள்.