ஒரு வாரம் கழித்து நான்கு வரி

ரெஸ்யூமே அனுப்பி ஒரு வாரமாகியும் பதில் இல்லையா? புது மெயில் தொடங்க வேண்டாம். ‘சென்ட்’ பகுதியில் உள்ள பழைய மெயிலைத் திறந்து அதற்கே ‘ரிப்ளை’ கொடுங்கள். ‘டு’ கட்டத்தில் தேர்வு அதிகாரியின் முகவரிதான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கடிதம் கீழேயே இருப்பதால் அவர் உங்களைத் தேட வேண்டியதில்லை. ஆனால் ரிப்ளையில் பழைய இணைப்பு கூடவே போகாது; ரெஸ்யூமேயை மறுபடி இணைக்க வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

கணக்கு உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்த ஒருவர் இப்படி எழுதலாம்:

“வணக்கம் மேடம். கணக்கு உதவியாளர் பணிக்குக் கடந்த திங்களன்று விண்ணப்பித்திருந்தேன். டேலியிலும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்வதிலும் 3 ஆண்டு அனுபவம் உண்டு. தேர்வு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிவிக்க முடியுமா? ரெஸ்யூமேயை மீண்டும் இணைத்துள்ளேன். நன்றி.”

கீழே பெயரும் போன் எண்ணும் போதும்.

கேள்வி ஒன்றே ஒன்று என்பதால் அவரால் ஒரே வரியில் பதில் சொல்ல முடியும். “ஏன் இன்னும் பதில் இல்லை?” என்று கேட்டால் அவர் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும், மெயில் அப்படியே ஒதுங்கிவிடும். விளம்பரத்தில் கடைசித் தேதி இருந்தால், அது முடிந்த பிறகே ஒரு வாரத்தை எண்ணத் தொடங்குங்கள்.