மூன்றாவது கிலோவாட்

கூரைமேல் சூரியன் – 7

சென்ற வாரம் நெட் மீட்டரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுச் செங்கற்பட்டிலிருந்து என் நண்பர் ஒருவர், வீட்டு மின்சார அட்டையையும், பலகை போடுகிறவர்கள் கொடுத்த மதிப்பீட்டுத் தாளையும் எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். இரண்டு கிலோவாட்டுக்கு 1,40,000 ரூபாய், மூன்று கிலோவாட்டுக்கு 2,10,000 ரூபாய் என்று அந்தத் தாளில் இருந்தது. மத்திய சர்க்காரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுகளுக்குத் தலா 30,000 ரூபாயும், மூன்றாவதற்கு 18,000 ரூபாயும் மானியம் உண்டாதலால், மானியம் போக அவர் கையிலிருந்து போவது இரண்டுக்கு 80,000, மூன்றுக்கு 1,32,000 ரூபாய்.

“மானியம்தான் மூன்றுக்கு 78,000 வருகிறதே, மூன்றே போட்டுவிடலாமல்லவா? ஐந்து வருஷத்தில் போட்ட பணம் வந்துவிடும் என்கிறார்கள்” என்றார் நண்பர். அவர்கள் சொன்னது பொய்யன்று. ஆனால் அந்த ஐந்து வருஷத்துக்குள் இரண்டு வேறு கணக்குகள் ஒளிந்திருக்கின்றன என்பதை அவருக்குக் காட்ட, அட்டையை விரித்து வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம்.

இரண்டு மாதத்துக்கு அவர் வீட்டில் சராசரியாக 760 யூனிட் ஓடுகிறது. 2024 ஜூலை முதல் வீடுகளுக்குள்ள விகிதப்படி முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 300 யூனிட்டுக்கு 4.70 ரூபாய், பிறகு 100க்கு 6.30, அதன்பின் 100க்கு 8.40, மீதி 160க்கு 9.45. கூட்டினால் 4,392 ரூபாய். உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டாத வீடுகளுக்கோ, 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகள் 2.35 ரூபாய்க்கே கிடைக்கும் விசேஷச் சலுகை ஒன்று உண்டு.

நம் ஊர் வெயிலில், நிழல் விழாத மொட்டை மாடியில், ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்று கொள்வது நியாயமான மதிப்பு. அப்படியானால் இரண்டு கிலோவாட் மாதம் 240 யூனிட்டும், இரண்டு மாதத்தில் 480 யூனிட்டும் தரும். பில்லில் நிற்பது 280 யூனிட், அதற்குக் கட்டணம் 611 ரூபாய். மிச்சம் 3,781, வருஷத்துக்கு 22,686. எண்பதாயிரத்தை இதனால் வகுத்தால், போட்ட மூலதனம் மூன்றரை வருஷத்தில் திரும்பிவிடுகிறது.

மூன்றாவது கிலோவாட்டைச் சேர்த்தால் உற்பத்தி 720 யூனிட், பில்லில் 40 யூனிட்தான் நிற்கும், கட்டணம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த மூன்றாவது கிலோவாட் மிச்சப்படுத்தியது என்ன? இரண்டு கிலோவாட்டுக்குப் பிறகும் மீந்திருந்த 611 ரூபாயை மட்டுமே. அதாவது வருஷத்துக்கு 3,666 ரூபாய். அதற்காக அவர் கூடுதலாகப் போடவேண்டியது 52,000. அது திரும்பப் பதினான்கு வருஷத்துக்கு மேல் ஆகும். இன்வெர்ட்டரோ அதற்குள் ஒரு முறை மாற்றவேண்டி வந்தாலும் வியப்பில்லை. காரணம் எளிது: சூரியன் தரும் யூனிட் முதலில் அடித்து நீக்குவது 9.45 ரூபாய் யூனிட்டை; பிறகு 8.40, பிறகு 6.30, கடைசியில் எட்டுவது, எப்படியும் இலவசமாக வரவிருந்த முதல் நூறை. இலவசத்தை மிச்சப்படுத்துவதற்கு விலை ஏது?

நண்பர் இன்னொரு சந்தேகம் கேட்டார். அவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் பிற்பகலில் மாடியின் மேற்கு ஓரத்தில் சாய்கிறது. பலகைகள் ஒரே சரமாகக் கோக்கப்பட்டிருக்கும்போது ஒன்றின்மேல் விழும் நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் குறைக்கக்கூடும். புறா எச்சமும் புழுதியும் வேறு. நூற்றுக்குப் பதினைந்து குறைகிறது என்று வைத்துப் பார்த்தோம்: 480க்குப் பதில் 408 யூனிட்; பில் 949 ரூபாய்; மூலதனம் திரும்புவது மூன்று வருஷம் பத்து மாதத்தில். நான்கு மாதமே தள்ளிப்போகிறது. இழந்தது மலிவான யூனிட்டுகள் அல்லவா! ஆயினும் இன்வெர்ட்டரின் திரையில் காணும் அன்றாட யூனிட்டை ஒரு நோட்டில் குறித்து வரும்படி சொன்னேன். வெயில் குறையாத மாதத்தில் எண் மட்டும் குறைந்தால் துணியும் தண்ணீரும் கொண்டு மாடிக்குப் போகவேண்டிய வேளை அதுவே.

மானியம் பலகை மாட்டி, மீட்டர் மாற்றியபின்பே வங்கிக் கணக்குக்கு வருகிறதாகையால், முதலில் முழுத் தொகையையும் தாமே புரட்டவேண்டும். கடன் வாங்கினால் வட்டியையும் இந்தக் கணக்கில் ஏற்றவேண்டும் என்றும் நினைவூட்டினேன்.

இரண்டே போதும் என்று எழுந்தவர், வாசற்படியில் நின்று, “அடுத்த வருஷம் மாடியில் மகனுக்கு ஓர் அறை கட்டுகிறேன், ஏசி வைப்பான்” என்றார். மறுபடியும் உட்காரவைத்தேன். உபயோகம் 1,000 யூனிட்டானால், இரண்டு கிலோவாட்டுக்குப் பின்னும் 520 நிற்கும். ஐந்நூறைத் தாண்டியதால் சலுகை போய்ப் பில் 2,208 ஆகிவிடும். மூன்றாவது கிலோவாட் இருந்தால் அது 611தான். இப்போது அது வருஷத்துக்கு 9,582 ரூபாய் மிச்சப்படுத்துகிறது. 52,000 ஐந்தரை வருஷத்துக்குள் திரும்பிவிடும். அறை எப்போது எழும்பும் என்று வீட்டில் கேட்டுவிட்டு எழுதுவதாகச் சொல்லி, மதிப்பீட்டுத் தாளை மடித்து அட்டைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டார்.

(தொடரும்)